கெட்டிலில் தெரியும் அறை: பழைய ஸ்டீல் பொருளை விற்பனைக்குப் படமெடுத்தல்

பொருள், 1.7 லிட்டர் எலெக்ட்ரிக் கெட்டில். உடம்பு முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் ஸ்டீல்; கைப்பிடி, மூடி, அடித்தட்டு மூன்றும் கறுப்பு பிளாஸ்டிக். உயரம் 24 செ.மீ., மூக்கு நுனியிலிருந்து கைப்பிடி வரை 22 செ.மீ. அடியிலிருந்து நாலு விரல் மேலே ஒரு சின்ன ஒடுக்கு, கைப்பிடிப் பக்கம் நூல் நூலாகக் கீறல்கள், உள்ளே வெள்ளையாக உப்பு. கொதிக்க வைக்கிறது, தானே அணைகிறது. அதாவது, விற்கத் தகுந்த பொருள்தான். ஆனால் படம் சரியில்லை என்றால் பார்ப்பவர் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்.

பளபளப்பான பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. துணிப்பை, மர ஸ்டூல் போன்றவற்றை ஜன்னலோரம் வைத்து எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்டீல் அப்படி இல்லை. இதைப் படமெடுக்கத் தெரிந்தால் வாட்ச், கறுப்பு மிக்ஸி, லேமினேட் மேஜை, கண்ணாடிச் சாமான் எல்லாம் வசப்படும்.

முதல் படத்தில் என்னென்ன கெட்டுப்போகிறது

வழக்கமாக எடுக்கப்படும் படம் இப்படித்தான் இருக்கும். இரவு நேரம், சமையலறை மேடை, மேலே ஒரு பல்பு, ஃபோனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஃபிளாஷோடு ஒரு கிளிக். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கெட்டிலின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு எரிகிறது. அதைச் சுற்றி ஃபோனைப் பிடித்த ஆள், அவருக்குப் பின்னால் ஃபிரிட்ஜ், கொடியில் துணி. மூக்கு யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் துருத்தி நிற்கிறது. கைப்பிடி மை ஊற்றிய மாதிரி ஒரே கறுப்பு. எல்லாமே மஞ்சள்.

இவை ஐந்தாறு தனித்தனிக் கோளாறுகள். எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டினால் மஞ்சள் கூடும், பொட்டு பெரிதாகும், ஆள் இன்னும் தெளிவாகத் தெரிவார். ஒவ்வொன்றையும் அது பிறக்கிற இடத்திலேயே சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் துடைப்பு

மேஜை போடுவதற்கு முன்பே சுத்தம் முடிந்திருக்க வேண்டும். உள்ளே படிந்த உப்புக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் விட்டுக் கொட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். வெளிப்புறத்தை ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் தொட்ட ஈரத்துணியால் துடைத்து, மைக்ரோஃபைபர் துணியால் உலர்த்தினால் போதும். அடித்தட்டில் தண்ணீர் படக் கூடாது. ஸ்டிக்கர் பசை ஒட்டியிருந்தால் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் விரலாலேயே உருண்டு வந்துவிடும்.

கறை எடுக்கும் வெள்ளை ஸ்பாஞ்சை மட்டும் இந்த ஸ்டீல் பக்கம் கொண்டுவராதீர்கள். அது மிக நைசான உப்புத்தாள் மாதிரிதான். தேய்த்த இடம் மங்கிப்போய், இல்லாத குறை ஒன்று புதிதாகச் சேரும்.

துடைத்த பிறகு கைப்பிடியை மட்டுமே பிடியுங்கள். உடம்பில் ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் அது கறை மாதிரித் தெரியும். அதே துணியால் ஃபோன் லென்ஸையும் ஒரு துடை. படம் பனி மூடியது மாதிரி வெளிறியிருந்தால், பத்துக்கு எட்டு முறை காரணம் லென்ஸில் இருக்கிற கன்னத்து எண்ணெய்தான்.

உருளை எதையெல்லாம் பார்க்கிறது

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பளபளக்கும் ஸ்டீலுக்குத் தனியாக நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதிரில் இருப்பதைத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் நீங்கள் எடுப்பது கெட்டிலின் படம் இல்லை. கெட்டில் பார்க்கிற அறையின் படம். அது எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் படம் சரியாகும்.

தட்டையான கண்ணாடி என்றால் கொஞ்சம் சாய்த்து வைத்துத் தப்பிக்கலாம். உருளையில் அது நடக்காது. கெட்டிலின் நடுக்கோடு நேராக உங்களைப் பார்க்கிறது. நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் இடையே பாதி தூரம் போனால், அங்கே தெரிவது உங்களிடமிருந்து 60 டிகிரி விலகி இருக்கிற பொருள். முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில் நேர் பக்கவாட்டுச் சுவர் தெரியும். ஓரத்தை ஒட்டிய மெல்லிய பட்டையில் கெட்டிலுக்குப் பின்னால் இருப்பது தெரியும். ஆக ஒரே உருளையில் அறை முழுவதும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. ஒன்று, பக்கவாட்டில் இருக்கும் ஜன்னல் கெட்டிலின் ஓரப்பக்கத்தில் ஒரு செங்குத்துப் பட்டையாக விழும். அது அழகு, அதை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, நடுவில் இருக்கிற அகலமான பகுதி முழுக்க உங்கள் பக்கத்து அறையைத்தான் காட்டும். அங்கே இருப்பதை மறைக்க வேண்டும். மூன்று, ஓரம் பின்னணியைக் காட்டுவதால், பின்னால் வெள்ளைத் தாள் வைத்தால் கெட்டிலின் விளிம்பும் வெள்ளையாகி, பொருள் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

ஃபிளாஷ் ஏன் உதவாது என்பதும் இதிலேயே வந்துவிட்டது. லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு சின்ன வெளிச்சம், உங்களைப் பார்க்கிற நடுக்கோட்டில் சின்னப் பொட்டாகத்தான் தெரியும். மற்ற இடமெல்லாம் இருட்டைக் காட்டும்.

மேஜை, ஜன்னல், தாள்

நேர் வெயில் விழாத ஜன்னல் வேண்டும். மேகமூட்டமான பகல் என்றால் இன்னும் நல்லது. மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், கெட்டிலுக்கும் ஜன்னலுக்கும் சுமார் 80 செ.மீ. இடைவெளி இருக்கும்படி போடுங்கள். ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

அறை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஒரு மஞ்சள் பல்பு எரிந்தால் கெட்டிலின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று ஆகிவிடும். கேமரா இரண்டில் ஒன்றைத்தான் வெள்ளையாக்க முடியும்; மற்றது எந்த எடிட்டிங்கிலும் முழுதாகச் சரியாகாது. வேறு வழியில்லாமல் இரவில் விளக்கில்தான் எடுக்க வேண்டும் என்றால், எல்லாம் ஒரே வகை பல்பாக இருக்கட்டும். மலிவான எல்இடி சில, கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். படத்தில் குறுக்காக வரி வரியாக நிழல் விழுந்தால் அந்தத் துடிப்புதான் காரணம். பல்பை மாற்றிப் பாருங்கள்.

பின்னணிக்குப் பெரிய வெள்ளைச் சார்ட் தாள். மேல்விளிம்பைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேஜை மேல் இறக்குங்கள். வளைவு இருந்தால் சுவரும் மேஜையும் சேரும் கோடு தெரியாது. மடித்துவிட்டால் அந்த மடிப்பு கெட்டிலின் கழுத்தை அறுக்கிற மாதிரி குறுக்கே போகும்.

பலரும் செய்கிற தவறு, படச்சட்டத்துக்குள் வரும் அளவுக்கு மட்டும் தாளை விரிப்பது. கேமரா கொஞ்சம் மேலிருந்து கீழே பார்க்கிறது. அதனால் ஸ்டீல் தன் முன்னால் இருக்கிற மேஜையைக் காட்டும். லென்ஸ் மேஜையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், கெட்டிலிலிருந்து 120 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், கெட்டிலின் இடுப்பில் தெரிவது அதற்கு முன்னால் சுமார் 50 செ.மீ. தள்ளி இருக்கிற மேஜைப் பகுதி. தாள் 20 செ.மீ.யிலேயே முடிந்திருந்தால், கெட்டிலின் கீழ்ப்பாகம் வெள்ளையாகவும் அதற்கு மேல் திடீரென்று பழுப்பாகவும் தெரியும். பார்ப்பவர் அதைத் துரு என்று நினைப்பார். எனவே இன்னொரு தாளை ஒட்டி, முன்பக்கம் 60 செ.மீ. வரை வெள்ளை இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

ஜன்னலுக்கும் கெட்டிலுக்கும் நடுவே, கெட்டிலிலிருந்து 30 செ.மீ.யில், டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் துணியோ தொங்கவிடுங்கள். 60-க்கு 80 செ.மீ. அளவு போதும். இரண்டு நாற்காலி முதுகில் ஒரு குச்சி வைத்துக் கிளிப் போட்டால் நிற்கும். இது இல்லாவிட்டால் ஸ்டீலில் ஜன்னல் கம்பிகளும் வெளியே இருக்கிற மரமும் அப்படியே தெரியும். தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவதைவிடக் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. கிட்டே வரவர கெட்டிலுக்கு அது பெரிதாகத் தெரியும். பட்டை அகலமாகும், நிழலின் ஓரம் மிருதுவாகும்.

வலது பக்கம் 25 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கும். கெட்டிலில் வலது பக்கமும் ஒரு பட்டை விழும், ஆனால் இடதைவிட மங்கலாக. இரண்டும் சமமாக இருந்தால் பொருள் தட்டையாகத் தெரியும். மங்கல் போதவில்லை என்றால் பலகையை இன்னும் பத்து செ.மீ. தள்ளி வையுங்கள்.

விளிம்பு காணாமல் போகிற பிரச்சினைக்குக் கறுப்பு அட்டை. 5 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு வெட்டி, கெட்டிலின் இருபுறமும் சற்றுப் பின்னால், படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். ஃபோன் திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினால், ஒரு கட்டத்தில் கெட்டிலின் இரு ஓரங்களிலும் பென்சிலால் வரைந்த மாதிரி கறுப்புக் கோடு வந்து நிற்கும். அந்த நொடியில் பொருள் பின்னணியிலிருந்து பிரிந்து எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். மொத்த ஏற்பாட்டிலும் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இந்த இரண்டு துண்டுதான்.

ஃபோன் எங்கே நிற்க வேண்டும்

மூக்கு துருத்துவதற்குக் காரணம் லென்ஸ் கோளாறு இல்லை, தூரம். மூக்கு நுனி ஃபோனிலிருந்து 30 செ.மீ.யில் இருந்தால் கைப்பிடி 52 செ.மீ.யில் இருக்கும். கிட்டே இருப்பது தூரத்தில் இருப்பதைவிட ஒன்றே முக்கால் பங்கு பெரிதாக விழுகிறது. அதே கெட்டிலை 120 செ.மீ.யிலிருந்து எடுத்தால் மூக்குக்கு 120, கைப்பிடிக்கு 142. வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பின்னால் போங்கள், பிறகு 2x தட்டிப் பெரிதாக்குங்கள். 2x-க்குத் தனி லென்ஸ் இல்லாத ஃபோனில் கொஞ்சம் நுணுக்கம் குறையும். கோணல் மூக்கைவிட அது பரவாயில்லை. 0.5x பக்கமே போகாதீர்கள்.

லென்ஸின் உயரம் 40 செ.மீ. என்று மேலே சொன்னது இரண்டுக்கும் நடுவில் எடுத்த முடிவு. கெட்டிலின் இடுப்பு உயரத்தில் வைத்தால் பக்கங்கள் நேராக நிற்கும், ஆனால் மூடி தெரியாது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் மூடி தெரியும், ஆனால் அடிப்பாகம் குறுகி, பொருள் பம்பரம் மாதிரி ஆகிவிடும். 40 செ.மீ.யில் மூடியின் மேல்பரப்பு மெல்லிய முட்டை வடிவத்தில் தெரியும். பக்கங்களும் அதிகம் சாயாது.

ஃபோனைக் கையில் பிடிக்க வேண்டாம். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் புத்தக அடுக்கு, அதன் மேல் ஒரு டம்ளரில் சாய்த்த ஃபோன், 3 விநாடி டைமர். ஜன்னல் வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத்தான் ஓடும். கை ஆடினால் கீறலின் நுணுக்கம் கலங்கிவிடும்.

இனி நடுவில் தெரிகிற ஆள். கேமராவுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையை அதன் நடுவில் குத்தி, அந்த வழியாக எடுப்பது சரியான முறை. விரிப்பில் ஓட்டை போட மனம் வராவிட்டால் இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு சந்து விட்டாலும் போதும். கெட்டிலில் ஆளுக்குப் பதிலாக மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தெரியும். அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. உருளைக்கு வடிவம் கொடுப்பதே அதுதான். துணியே இல்லை என்றால் டைமரை அழுத்திவிட்டு அறைக்கு ஓரமாக ஒதுங்குங்கள். ஃபோன் ஒரு புள்ளியாகத் தெரிவதோடு போகும்.

கிளிக்

கெட்டிலை நேர் பக்கவாட்டில் வைத்தால் மூக்கும் கைப்பிடியும் தெளிவாகத் தெரியும், ஆனால் அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி இருக்கும். கைப்பிடியை 30 டிகிரி உங்கள் பக்கம் திருப்புங்கள். மூக்கு ஜன்னல் பக்கம், கைப்பிடி வலது பக்கம், நீர்மட்டக் கண்ணாடி தெரிகிற மாதிரி. வயரைச் சுற்றிக் கட்டிப் பின்னால் வைத்துவிடுங்கள். முதல் படத்தில் அது வேண்டாம், தனிப்படத்தில் வரட்டும்.

திரையில் ஸ்டீல் பட்டையைத் தொடாதீர்கள், கைப்பிடி சேரும் இடத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். வெள்ளைப் பட்டையைத் தொட்டால் ஃபோன் மிரண்டுபோய் முழுப் படத்தையும் இருட்டாக்கும். அழுத்திப் பிடித்தால் அளவீடு பூட்டிக்கொள்ளும். சில ஃபோன்களில் AE/AF LOCK என்று எழுதிக் காட்டும். மேகம் நகர்ந்தால் பூட்டை விட்டு மறுபடி பூட்டுங்கள்.

எவ்வளவு வெள்ளைத் தாள் விரித்தாலும் முதல் படத்தில் அது சாம்பலாகத்தான் வரும். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. சூரியன் குறியை மேலே இழுத்து +0.7 அளவுக்குக் கூட்டுங்கள். எண் காட்டாத ஃபோனில், தாள் வெள்ளையாகத் தெரிகிற வரை கூட்டிவிட்டுக் கொஞ்சம் திரும்ப இறக்கினால் சரியாக இருக்கும். எடுத்த படத்தில் இடது பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டையின் ஓரம் மெதுவாகச் சாம்பலுக்கு இறங்கினால் சரி. கத்தரித்த மாதிரி சுத்த வெள்ளை என்றால் கூடிவிட்டது.

போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று மூக்கு நுனியையும் கைப்பிடி வளைவின் உள்பக்கத்தையும் அது தின்றுவிடும்.

கறுப்புக் கைப்பிடி இன்னும் மையாகவே இருக்கிறதா? வெளிச்சத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. அதற்குள் ஸ்டீல் எரிந்துவிடும். பளபளப்பான கறுப்புக்கும் ஸ்டீலின் அதே விதிதான், எதையாவது காட்டினால்தான் வடிவம் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைக் கைப்பிடிக்கு மேலே, சற்றுப் பின்னால், சட்டத்துக்கு வெளியே பிடியுங்கள். கைப்பிடியின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அந்த ஒரு கோட்டிலேயே வளைவு, தடிமன் எல்லாம் புரிந்துவிடும்.

குறையைக் காட்டுவதற்கு வேறு வெளிச்சம்

இதுவரை அமைத்த மிருதுவான வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு, அது ஒடுக்கையும் கீறலையும் மறைக்கும். முதல் படத்துக்கு அது சரி. குறைக்கான படத்தையும் அதே வெளிச்சத்தில் எடுத்தால், பொருள் கைக்கு வந்ததும் வாங்கியவர் 'படத்தில் இல்லாத ஒடுக்கு' என்று திருப்பி அனுப்புவார். நீங்கள் மறைக்க நினைக்காவிட்டாலும் படம் மறைத்துவிட்டது.

ஒடுக்குக்கு: கார் பாடியில் ஒடுக்கு எடுப்பவர்கள் பார்க்கிற முறையே இங்கேயும். ஒரு வெள்ளை அட்டையின் விளிம்பில் கறுப்பு டேப் ஒட்டி, அந்த விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி கெட்டிலுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்டீலில் கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அட்டையை மெதுவாக நகர்த்தினால் அந்தக் கோடும் நகரும். நல்ல இடத்தில் கோடு நேராகப் போகும். ஒடுக்கின் மேல் வந்ததும் தண்ணீரில் விட்ட குச்சி மாதிரி நெளியும். நெளிவு அதிகமாகத் தெரியும் இடத்தில் அட்டையை நிறுத்தி எடுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலைக் கெட்டிலோடு ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். முன்னால் தள்ளி வைத்தால் அளவுகோல் பெரிதாக விழுந்து, ஒடுக்கு இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். இந்தக் கெட்டிலில் அது குறுக்களவில் 12 மி.மீ. விவரத்திலும் அப்படியே எழுத வேண்டியதுதான்.

கீறலுக்கு இதற்கு நேரெதிர். வெள்ளையைக் காட்டுகிற ஸ்டீலில் கீறல் கரைந்துபோகும். எனவே டிரேசிங் பேப்பரை எடுத்துவிட்டு, ஜன்னல் திரையை மூடி, கீறல் இருக்கும் பகுதி ஒரு கறுப்பு அட்டையைக் காட்டுகிற மாதிரி அட்டையைப் பிடியுங்கள். இப்போது அந்த இடம் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னொரு ஃபோனின் டார்ச்சைப் பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி, 10 அல்லது 15 டிகிரி சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். வழவழப்பான ஸ்டீல் அந்த வெளிச்சத்தை வேறு பக்கம் தள்ளிவிடும். கீறல் மட்டும் சிதறடித்து, வெள்ளை மயிரிழையாக எரியும். கீறல் ஓடும் திசைக்குக் குறுக்காக டார்ச் வர வேண்டும். அதே திசையில் அடித்தால் பாதிக் கீறல் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: இந்த முறையில் துணியால் துடைத்த மயிரிழைகூடப் பெரும் விபத்து மாதிரித் தெரியும். ஆகவே கீறல் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே இடத்தைச் சாதாரண ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் போடுங்கள். 'உரசு வெளிச்சத்தில் இப்படி, சாதாரணமாக இப்படி' என்று ஒரு வரி எழுதினால் வாங்குபவர் தானே எடை போட்டுக்கொள்வார்.

உள்ளே, அடியில்

உள்பக்கத்தை நேர் மேலிருந்து எடுத்தால் ஃபோனின் நிழலே வாயை அடைத்துவிடும். கெட்டிலை ஜன்னல் பக்கம் சாய்த்து, நீங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து சரிவாக எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை வாயருகே பிடித்தால் அடித்தளம் வரை வெளிச்சம் இறங்கும். முழுக்கக் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மீதமிருக்கிற உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்ததும் வெள்ளையாக வந்து நிற்கும். சிட்ரிக் அமிலத்துக்குப் பிறகும் சில இடத்தில் வானவில் நிறத்தில் சாயம் தெரிந்தால் அது சூட்டினால் ஸ்டீலில் வந்தது, அழுக்கு இல்லை. அதையும் காட்டிவிடுங்கள்.

அடியில் இருக்கிற மாடல் எண், வோல்ட், வாட் விவரம் கறுப்பில் கறுப்பாகப் பொறித்திருக்கும். கீறலுக்குச் சொன்ன அதே உரசு வெளிச்சத்தில் எழுத்துகள் எழும்பி நிற்கும். சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களை ஒரு காகிதத் துண்டால் மறைக்கலாம். மாடல் எண்ணை மறைக்காதீர்கள், தேடி வருபவர் அதை வைத்துத்தான் தேடுவார்.

வேலை செய்கிறது என்பதற்கு, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, விளக்கு எரிகிற படம் ஒன்று. அந்தச் சின்ன விளக்கு நிறத்தோடு தெரிய வெளிச்ச அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆவி கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள், லென்ஸ் மூடிக்கொள்ளும்.

வெட்டு, சரிபார்ப்பு

எடிட்டிங் இரண்டு நிமிட வேலைதான். கோணலை நிமிர்த்துங்கள். பட்டியலில் சின்னச் சதுரமாகத்தான் முதல் படம் தெரியும் என்பதால், நாற்புறமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டுச் சதுரமாக வெட்டுங்கள். தாள் லேசாக நீலம் அடித்தால் வெண்மைச் சமநிலையைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். நிறச் செறிவைத் தொட வேண்டாம், கறையழிப்புக் கருவியைத் திறக்கவே வேண்டாம். பிறகு திரையில் அதைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கெட்டில் என்று தெரிந்தால் முதல் படம் தேறியது. தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கைப்பிடி உடம்புக்கு முன்னால் வந்து அதோடு ஒட்டித் தெரியும். பத்து டிகிரி பக்கவாட்டுக்குத் திருப்பி மறுபடி எடுங்கள்.

வரிசையில் முதலில் 30 டிகிரிப் படம், அடுத்து மறுபக்கம், உள்ளே, அடித்தட்டும் வயரும், மாடல் எண், ஒடுக்கு, கீறல் இரண்டு, கடைசியில் விளக்கு எரிகிற படம். மொத்தம் ஒன்பது.

ஏற்றுவதற்கு முன் கேமரா அமைப்பில் இருப்பிடம் பதிவாவது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். படக் கோப்போடு வீட்டின் இடக்குறிப்பும் சேர்ந்து போகக்கூடும். அதைவிட எளிதாகத் தவறுவது ஸ்டீலிலேயே இருக்கிறது. ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாக முழுப் பெரிதாக்கி, உடம்பின் நடுப்பட்டையையும் மூடியின் பொத்தானையும் அடித்தட்டின் பளபளப்பான வளையத்தையும் மேலிருந்து கீழ் வரை நகர்த்திப் பாருங்கள். உடம்புக்கு முன்னால் துணி தொங்கவிட்டு ஆளை மறைத்தாயிற்று. ஆனால் பொத்தான் குமிழ் மாதிரி வளைந்தது; அதில் துணிக்கு மேலே இருக்கிற கூரை, மின்விசிறி, சில நேரம் எட்டிப் பார்க்கிற தலை எல்லாம் அரிசி அளவில் தெரியும். தெரிந்தால் அந்த ஒரு படத்தை மட்டும் குனிந்துகொண்டு மறுபடி எடுத்துவிடுங்கள்.